ஒவ்வொரு வரிக்கும் அடைப்புக்குறி போட்டேன், ஆனாலும் ‘மூலத்துக்கு மிக நெருக்கம்’ என்கிறார்கள்

அவரைப்பந்தல் | 2023 ஏப்ரல் 11, இரவு 9.40

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சேட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். கும்பகோணத்தில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்து 17 வருஷம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளிக்கூடத்தில் முறையாக வேலை கிடைக்க வேண்டும் என்று பகுதிநேரமாகப் பி.ஜி.சி.இ. என்ற ஆசிரியர் பயிற்சி படிக்கிறேன். முதல் கட்டுரை திரும்பி வந்திருக்கிறது. முதல் வகுப்புக்கு முந்தைய கிரேடு ஆர் முதல் கிரேடு 3 வரை உள்ள பிள்ளைகளுக்கு ஆசிரியர் எப்போது உதவ வேண்டும், எப்போது கையை எடுக்க வேண்டும் என்பது தலைப்பு. 1,500 சொல். 25க்கு 13 மதிப்பெண்.

ஓரத்தில் இரண்டு குறிப்பு இருந்தது. இரண்டாம் பத்திக்குப் பக்கத்தில் ‘மூலத்துக்கு மிக நெருக்கம்’. கடைசிப் பக்கத்தில் ‘எந்த முறை இது?’.

ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அடைப்புக்குறிக்குள் பெயரும் வருஷமும் போட்டிருக்கிறேன். ஒப்புமை பார்க்கும் மென்பொருள் 9 சதவீதம்தான் காட்டியது. ஒரு சொல்கூட அப்படியே இல்லை. பிறகு எப்படி இது காப்பி ஆகும்?

வகுப்பில் கொடுத்த குறிப்புத் தாளில் ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் வைத்துக் காட்டுகிறேன்:

“ஆசிரியர் முதலில் குழந்தையின் கவனத்தை வேலையின் பக்கம் ஈர்க்கிறார், பிறகு வேலையை எளிய படிகளாகக் குறைக்கிறார், கடைசியில் குழந்தை தானே செய்யத் தொடங்கியதும் தன் உதவியை விலக்கிக்கொள்கிறார்.”

நான் எழுதியது:

“ஆசான் தொடக்கத்தில் மாணவரின் ஈடுபாட்டைச் செயலை நோக்கித் திருப்புகிறார், அடுத்து செயலை இலகுவான கட்டங்களாகச் சுருக்குகிறார், முடிவில் மாணவர் சுயமாக இயங்கியதும் தன் துணையை விலக்கிக்கொள்கிறார் `(Vygotsky, 1978)`.”

இதில் என்ன பிழை? உண்மையாகவே தெரியாமல்தான் கேட்கிறேன்.

டொங்காட் தம்பி | 2023 ஏப்ரல் 11, இரவு 10.15

அக்கா, உங்கள் மேல் பிழையே இல்லை. நானும் பி.எட். படித்தவன். மூன்று சொல்லுக்கு ஒரு சொல் மாற்றினால் போதும், அடைப்புக்குறி இருந்தால் காப்பி இல்லை. எங்களுக்குச் சொன்னது அதுதான். 9 சதவீதம் என்பது ரொம்ப நல்ல எண். மறுமதிப்பீடு கேளுங்கள்.

முறை என்று கேட்டிருப்பது, ‘மற்றும் பிறர்’ என்பதற்குப் போடும் `et al.` விஷயமாக இருக்கும். மூன்று பேர் எழுதியது என்றால் முதல் தடவை மூன்று பேரையும் சொல்ல வேண்டும். இரண்டாம் தடவையிலிருந்துதான் `et al.` போடலாம்.

பீனிக்ஸ் அம்மா | 2023 ஏப்ரல் 12, காலை 6.20

என் மகன் கிரேடு 9. மேற்கோள் குறி ஒற்றையாகப் போடுவதா, இரட்டையாகப் போடுவதா என்று அவனும் கேட்டுக்கொண்டே இருக்கிறான். டீச்சர் ஒருத்தர் ஒற்றை என்கிறார், இன்னொருத்தர் இரட்டை என்கிறார். உங்களுக்கும் அதுதான் பிரச்சினையா?

நூலகத்தடி | 2023 ஏப்ரல் 12, மதியம் 1.05

பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் மாணவர்களுக்குக் கட்டுரை எழுத உதவும் வேலையில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தேன். அவரைப்பந்தல், உங்கள் இரண்டு வாக்கியங்களையும் காகிதத்தில் மேலும் கீழுமாக எழுதி, வினைச்சொற்களை மட்டும் வட்டமிடுங்கள்.

மேலே: ஈர்க்கிறார், குறைக்கிறார், விலக்கிக்கொள்கிறார்.
கீழே: திருப்புகிறார், சுருக்குகிறார், விலக்கிக்கொள்கிறார்.

மூன்று செயல், அதே வரிசை, இடையில் அதே காற்புள்ளி. முதலில்–பிறகு–கடைசியில் என்பது தொடக்கத்தில்–அடுத்து–முடிவில் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். கடைசி வினை அப்படியே நிற்கிறது. வீடு அதே வீடு, சுண்ணாம்பு மட்டும் புதிது. இப்படி எழுதுவதற்கு ரெபெக்கா மூர் ஹோவர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990களில் ஒரு பெயரே வைத்தார். தமிழில் ஒட்டுப்போட்டு எழுதுவது என்று சொல்லலாம். இதைக் குற்றம் என்று பார்க்கக்கூடாது, புதிய துறைக்குள் நுழைகிறவர் கடந்து வரும் ஒரு கட்டம் என்று பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் மதிப்பெண் போடுகிறவர்கள் எல்லோரும் அப்படி நினைப்பதில்லை.

அடைப்புக்குறி இரண்டு விஷயத்தில் ஒன்றைத்தான் சொல்கிறது: கருத்து இன்னாரிடமிருந்து வந்தது. மேற்கோள் குறி இல்லாமல் அடைப்புக்குறி மட்டும் போட்டால், ‘கருத்து அவருடையது, வாக்கியம் என்னுடையது’ என்று நீங்கள் உறுதி கொடுப்பதாக ஆகிறது. அந்த இரண்டாவது பாதி உங்கள் விஷயத்தில் உண்மை இல்லை. மென்பொருளுக்கு இது தெரியாது. அது சொற்கோவை பொருந்துகிறதா என்று பார்க்கும். எல்லாச் சொல்லையும் மாற்றினால் 9 காட்டும். ஒழுங்காக மேற்கோள் குறி போட்டு, நீளமான நூற்பட்டியலும் வைத்தவருக்கு 25கூடக் காட்டும்.

தம்பி, மூன்றுக்கு ஒன்று என்று ஒரு விதி எங்கும் கிடையாது. `et al.` பற்றிச் சொன்னது ஏ.பி.ஏ. என்ற மேற்கோள் முறைக் கையேட்டின் ஆறாம் பதிப்பு விதி. 2019ல் ஏழாம் பதிப்பு வந்தபோது மாற்றிவிட்டார்கள். இப்போது மூன்று பேர் இருந்தாலே முதல் தடவையிலிருந்து `et al.` தான்.

இன்னொன்று, இதைவிடப் பெரியது. ஆசிரியர் கொடுத்து எடுக்கும் இந்த உதவியைக் கல்வியியலில் ‘சாரம்’ என்பார்கள், கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரி. அதை சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி எங்கே சொன்னார்? அந்தப் பக்கத்தை நீங்கள் படித்தீர்களா?

அவரைப்பந்தல் | 2023 ஏப்ரல் 12, இரவு 8.30

படிக்கவில்லை. குறிப்புத் தாளில் அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் வைகோட்ஸ்கி 1978 என்று இருந்தது. அதைத்தான் எடுத்துப் போட்டேன்.

வட்டமிட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே தெரிகிறது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக மாற்ற இரண்டு மணி நேரம் செலவழித்தேன். அவ்வளவு பாடுபட்டதால்தான் அது என் வாக்கியம் என்று தோன்றியிருக்கிறது.

பீனிக்ஸ் அம்மா, என் கேள்வி வேறு. ஆனாலும் சொல்கிறேன்: ஒற்றையும் சரி, இரட்டையும் சரி. எது என்று பள்ளி சொல்கிறதோ அதைக் கடைசிவரை மாற்றாமல் போடச் சொல்லுங்கள்.

நூலகத்தடி | 2023 ஏப்ரல் 13, காலை 7.45

சரி, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கல்வியியல் கட்டுரைகளில் நான் பார்த்த தவறுகளிலேயே அடிக்கடி வருவது இதுதான்.

வைகோட்ஸ்கி இறந்தது 1934ல். 1978ல் வந்த புத்தகம் அவருடைய எழுத்துகளிலிருந்து நான்கு பதிப்பாசிரியர்கள் தொகுத்து ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. அதனால் ‘1978ல் வைகோட்ஸ்கி வாதிட்டார்’ என்று எழுதினால் இறந்து 44 வருஷம் கழித்து வாதிட்டதாக ஆகிவிடும். குழந்தை தனியாகச் செய்யக்கூடியதற்கும், தெரிந்தவர் துணையோடு செய்யக்கூடியதற்கும் நடுவில் உள்ள இடைவெளியை, அதாவது அண்மை வளர்ச்சி மண்டலத்தை, அந்தப் புத்தகத்தின் 86ஆம் பக்கத்தில் பார்க்கலாம். ‘சாரம்’ அவருடைய சொல் இல்லை. உட், ப்ரூனர், ராஸ் மூவரும் 1976ல் எழுதிய 12 பக்கக் கட்டுரையிலிருந்துதான் அந்தச் சொல் கல்வியியலில் பரவியது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசும் வழக்கம் பிற்பாடு வந்தது.

ஆகவே உங்கள் அடைப்புக்குறி தவறான வீட்டுக்கு வழிகாட்டுகிறது. மதிப்பெண் போட்டவர் அதைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். நூலகக் கணக்கில் போய் 1976 கட்டுரையை எடுத்துப் படியுங்கள்.

டொங்காட் தம்பி | 2023 ஏப்ரல் 13, காலை 9.10

ஐயா, ஏழாம் பதிப்பு பற்றி எனக்குத் தெரியாது. நான் 2017ல் முடித்தவன். திருத்தியதற்கு நன்றி.

ஆனால் ஒரு கேள்வி. வேலைக்கும் போய்க்கொண்டு படிக்கிறவர் எல்லா மூலத்தையும் தேடிப் படிக்க முடியுமா? குறிப்புத் தாளையே மேற்கோளாகக் காட்டிவிட்டால் என்ன?

நூலகத்தடி | 2023 ஏப்ரல் 13, மதியம் 12.50

காட்டலாம், தவறில்லை. கையில் இருந்தது எதுவோ அதைச் சொல்வதுதான் நேர்மை. ஒருவர் மூலமாக இன்னொருவரை அறிந்தால் அதையும் வெளிப்படையாக எழுத ஒரு வழி இருக்கிறது. ஏ.பி.ஏ.யில் வரிக்குள் இப்படி வரும்:

```
(Wood et al., 1976, as cited in [நீங்கள் படித்தவர்], [வருடம்])
```

டொங்காட் தம்பி | 2023 ஏப்ரல் 13, மதியம் 1.15

பின்னால் பட்டியலில் இரண்டையும் போட வேண்டும், இல்லையா?

நூலகத்தடி | 2023 ஏப்ரல் 13, மதியம் 1.30

இல்லை. படித்ததை மட்டும்தான். பட்டியல் என்பது ‘இவற்றை நான் கையில் எடுத்தேன்’ என்று சொல்வது. படிக்காததை அதில் சேர்த்தால் அந்தப் பேச்சு பொய்யாகிவிடும். இந்த வழியை அபூர்வமாகத்தான் பயன்படுத்த வேண்டும். கட்டுரையின் நடுத்தூணாக நிற்கும் கருத்துக்கு இப்படிச் செய்தால் பலவீனம் தெரிந்துவிடும்.

அவரைப்பந்தல் | 2023 ஏப்ரல் 15, இரவு 11.20

கட்டுரையை எடுத்துவிட்டேன். இரண்டு தடவை படித்தேன். இதை முதலிலேயே படித்திருந்தால் குறிப்புத் தாளைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

3, 4, 5 வயதுப் பிள்ளைகள் 30 பேர். 21 மரக்கட்டைகள். ஒன்றோடொன்று பொருத்தி அடுக்கினால் ஒரு கூம்புக் கோபுரம் ஆகும். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து உதவுகிறார். எந்த வயதுப் பிள்ளைக்கு என்ன மாதிரி உதவி தேவைப்பட்டது என்று பார்த்திருக்கிறார்கள். 3 வயதுக்காரர்களை வேலையின் பக்கம் இழுத்து உட்காரவைப்பதே பெரும்பாடு. 4 வயதுக்காரர்களுக்கு வாயால் தூண்டவும் திருத்தவும் வேண்டியிருந்தது. 5 வயதுக்காரர்களுக்குச் செய்தது சரிதானா என்று பார்த்துச் சொல்லும் ஆள்தான் தேவை. எங்கள் ஞாயிறு வகுப்பில் ‘அ’ எழுத உட்காரவைக்கும் பிள்ளைகளை அப்படியே கண்ணில் பார்த்தேன்.

உதவுகிறவர் செய்யும் வேலைகள் என்று ஆறு சொல்கிறார்கள். கவனத்தை ஈர்ப்பது முதலாவது. செய்ய வேண்டியதைக் குறைத்துக்கொடுப்பது இரண்டாவது. அப்புறம் குறிக்கோளிலிருந்து விலகாமல் பார்ப்பது, முக்கியமானதைச் சுட்டிக்காட்டுவது, எரிச்சலைக் குறைப்பது, செய்துகாட்டுவது. உதவியை விலக்கிக்கொள்வது இந்த ஆறில் தனி வேலையாக இல்லை! என் வாக்கியத்தின் மூன்றாவது துண்டு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. என் கட்டுரையின் தலைப்பே கையை எப்போது எடுப்பது என்பதுதான்.

சொல் நெருக்கத்தைப் பற்றிக் கேட்க வந்தேன். படிக்காதவரின் பெயரை, அவர் சொல்லாததற்குப் போட்டிருக்கிறேன் என்று தெரிந்துகொண்டேன். இப்போது எனக்கு அதுதான் உறுத்துகிறது.

செயின்ட் டெனி வாசகர் | 2023 ஏப்ரல் 16, காலை 8.00

ரியூனியனிலிருந்து வணக்கம். எங்களுக்கு எல்லாம் பிரெஞ்சு முறை. பக்கத்தின் அடியில் எண் போட்டு எழுதுவோம். வரிக்குள் அடைப்புக்குறியே வராது, படிக்கவும் தடையில்லை. நீங்கள் ஏன் அப்படிச் செய்யக்கூடாது?

அவரைப்பந்தல் | 2023 ஏப்ரல் 16, மாலை 5.10

படிக்க அழகாக இருக்கும் என்று தெரிகிறது. ஆனால் எங்கள் கையேட்டில் ஹார்வர்டு முறை என்று போட்டிருக்கிறது. அதை மீற முடியாது.

அவரைப்பந்தல் | 2023 ஏப்ரல் 18, இரவு 9.55

இரண்டாவது குறிப்பு, ‘எந்த முறை இது?’. இன்று சாப்பாட்டு மேசையில் பட்டியலை விரித்துவைத்துப் பார்த்தேன். மொத்தம் 11 பதிவு. ஒரே கட்டுரையை இரண்டு விதமாக எழுதிக் காட்டுகிறேன்:

```
Wood, D., Bruner, J. S., & Ross, G. (1976). The role of tutoring in problem solving. Journal of Child Psychology and Psychiatry, 17(2), 89–100.

Wood, D., Bruner, J.S. and Ross, G. 1976. The role of tutoring in problem solving. Journal of Child Psychology and Psychiatry, 17(2): 89–100.
```

மேலே இருப்பது ஏ.பி.ஏ. கீழே இருப்பது எங்கள் கையேட்டின் ஹார்வர்டு. வருஷத்துக்கு அடைப்புக்குறி உண்டா இல்லையா, கடைசிப் பெயருக்கு முன்னால் காற்புள்ளியோடு குறியா, காற்புள்ளி இல்லாமல் சொல்லா, முதலெழுத்துகளுக்கு நடுவில் இடம் உண்டா, பக்க எண்ணுக்கு முன்னால் காற்புள்ளியா முக்காற்புள்ளியா. நான்கு வித்தியாசம். என் 11 பதிவில் ஆறு மேலே மாதிரி, நான்கு கீழே மாதிரி, ஒன்று இரண்டும் கலந்தது. காரணமும் புரிந்தது. ஒவ்வொரு இணையதளத்திலும் ‘மேற்கோள்’ பொத்தானை அழுத்தி, வந்ததை அப்படியே ஒட்டியிருக்கிறேன். தளத்துக்குத் தளம் அது கொடுக்கும் முறை வேறு.

நூலகத்தடி | 2023 ஏப்ரல் 19, காலை 7.30

ஹார்வர்டு விஷயத்தில் எல்லோரும் தடுமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. ஏ.பி.ஏ.க்கு ஒரே கையேடு, ஒரே சங்கம். ஹார்வர்டு என்பது பெயர்–வருஷம் போடும் பழக்கத்துக்கான பொதுப்பெயர். அதற்கு ஒரே அதிகாரபூர்வக் கையேடு இல்லை. ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தன் வடிவத்தை வைத்திருக்கிறது. ஆகவே இணையத்தில் ஹார்வர்டு என்று தேடி வருவது உங்கள் நிறுவனத்துடையது என்று நம்பக்கூடாது. உங்கள் கையேட்டில் இருக்கும் மாதிரியை அச்செடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.

திருத்தும்போது பதிவு பதிவாகப் போகாதீர்கள், கண் களைத்துவிடும். ஒரே ஒரு அம்சத்தை எடுத்து மேலிருந்து கீழே 11ஐயும் பாருங்கள். முதல் சுற்றில் வருஷம் மட்டும். அடுத்த சுற்றில் பெயர்களை இணைக்கும் சொல் மட்டும். பிறகு சாய்வெழுத்து. பிறகு முற்றுப்புள்ளி. ஒவ்வொரு சுற்றும் ஒரு நிமிஷம்தான்.

கடைசியில் பென்சிலோடு இரண்டு பக்கமும் டிக் போடுங்கள்: கட்டுரைக்குள் வந்த ஒவ்வொரு பெயரும் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் கட்டுரைக்குள் வந்திருக்கிறதா என்று.

அவரைப்பந்தல் | 2023 ஏப்ரல் 19, இரவு 10.05

டிக் போட்டேன். பட்டியலில் இருந்து கட்டுரைக்குள் வராதது இரண்டு. கட்டுரைக்குள் இருந்து பட்டியலில் இல்லாதது ஒன்று. அந்த ஒன்று கல்வித் துறையின் 2011 பாடத்திட்ட ஆவணம். அதை ஒரு இடத்தில் ‘CAPS’ என்றும் இன்னொரு இடத்தில் துறையின் முழுப்பெயரிலும் காட்டியிருக்கிறேன். படிக்கிறவருக்கு இரண்டு ஆவணம் என்று தோன்றும். துறையின் பெயரையே ஆசிரியராக வைத்து ஒரே மாதிரி ஆக்கிவிட்டேன்.

அவரைப்பந்தல் | 2023 ஏப்ரல் 21, இரவு 11.30

இரண்டாம் பத்தியைத் திரும்ப எழுத மூன்று நாள் ஆனது.

முதல் நாள் கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதினேன். பழையபடி ஒட்டுப்போட்டதுதான் வந்தது. கண் மேலே போகும், கை அதே வரிசையில் இறங்கும். கண் முன்னால் ஒரு வாக்கியம் இருக்கும்போது வேறு வாக்கியம் பிறக்க மாட்டேன் என்கிறது.

இரண்டாம் நாள் மின்வெட்டு. சாயங்காலம் ஆறு மணிக்குப் போனது, எட்டரை ஆகியும் வரவில்லை. மெழுகுவத்தியில் 12 பக்கம் படிக்க முடியாது. கணவர் சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் கட்டட வேலைக்காரர். ‘சாரம் என்று ஒரு கட்டுரை படிக்கிறேன்’ என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கட்டைகளைப் பற்றிச் சொன்னேன், பிள்ளைகளின் வயதைப் பற்றிச் சொன்னேன். ‘அப்போ சின்னப் பிள்ளைக்குக் கம்பு நிறைய வேணும், பெரிசுக்கு ஓரத்தில் ஒண்ணு போதும், அப்படித்தானே?’ என்றார். அந்த நிமிஷம்தான் எனக்கு வாக்கியம் கிடைத்தது. குறிப்புத் தாளில் இருந்தது உதவியின் படிகள். கட்டுரையில் என்னைப் பிடித்தது, வயதுக்கு ஏற்ப உதவியின் வகை மாறுவது. நான் சொல்ல வேண்டியதும் அதுதான்.

விளக்கு வந்ததும் எழுதியது, தமிழில் வைத்தால் இப்படி:

“ஒரே வேலைக்கு எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே வகை உதவி பொருந்தாது. உட்டும் அவருடன் எழுதியவர்களும் நடத்திய மரக்கட்டை ஆய்வில், மிக இளையவர்களை வேலையில் ஈடுபடுத்துவதே உதவியாளரின் முக்கியப் பணியாக இருந்தது. ஐந்து வயதினருக்கு அவர் பெரும்பாலும் சரிபார்ப்பவராகவே இருந்தார் `(Wood et al., 1976)`. கிரேடு ஆர் வகுப்பில் ஒரே மேசையில் இருவகைக் குழந்தைகளும் உட்காரும்போது ஆசிரியர் இந்த இரண்டு வேடத்தையும் மாறி மாறி எடுக்க வேண்டியிருக்கும்.”

கடைசி வாக்கியத்துக்கு அடைப்புக்குறி இல்லை. அது நான் நினைத்தது.

நூலகத்தடி | 2023 ஏப்ரல் 22, காலை 8.15

இதுதான் சொந்த நடையில் சொல்வது. வரிசை உங்களுடையது, அழுத்தம் உங்களுடையது, தகவல் அவர்களுடையது. எது யாருடையது என்று படிக்கிறவருக்குத் தடுமாற்றமே இல்லை.

ஒரே ஒரு குறை. முதல் வாக்கியத்தில் ‘எல்லாக் குழந்தைகளுக்கும்’ என்று உலகப் பொதுவாகச் சொல்லிவிட்டீர்கள். அவர்கள் பார்த்தது 30 பிள்ளைகளை, ஒரு வேலையில். சொந்த நடையில் எழுதும்போது வழக்கமாக நழுவுவது இதுதான்: மூலம் எச்சரிக்கையோடு சொன்னதை நாம் அடித்துச் சொல்லிவிடுவோம். எழுதி முடித்தபின் மூலத்தைத் திறந்து அளவு, வயது, ‘பெரும்பாலும்’, ‘சில’ போன்றவற்றை மட்டும் சரிபாருங்கள். எளிதில் அவிழ்ந்துபோகும் முடிச்சுகள் அவை.

அவரைப்பந்தல் | 2023 ஏப்ரல் 22, இரவு 9.00

மாற்றிவிட்டேன். ‘பொருந்தாது’ என்பது ‘பொருந்தாமல் போகலாம்’ ஆனது. 30 குழந்தைகள் என்பதையும் சேர்த்தேன்.

கையை எடுப்பது பற்றிய துண்டை நீக்கவில்லை. குறிப்புத் தாளில் படித்தது என்று வெளிப்படையாகக் காட்டியிருக்கிறேன். அதற்கு நல்ல மூலம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

டொங்காட் தம்பி | 2023 ஏப்ரல் 23, மதியம் 2.40

அக்கா, கணவரிடம் சொன்ன கதை நன்றாக இருந்தது. நான் வேறு ஒரு வழி வைத்திருந்தேன். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் குறிப்பு எடுப்பேன். இரண்டு வாரம் கழித்துத் தமிழைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதுவேன். மூலத்தின் வாக்கியம் தானாகவே உடைந்துவிடும். நம் மாதிரி ஆட்களுக்கு இது பெரிய வசதி இல்லையா?

நூலகத்தடி | 2023 ஏப்ரல் 23, மாலை 6.20

வசதிதான், ஆபத்தும்தான். இரண்டு வாரம் கழித்துத் தமிழில் இருக்கும் குறிப்பு உங்கள் சொந்த யோசனை மாதிரியே ஒலிக்கும். தாய்மொழி அப்படி ஏமாற்றும். எத்தனையோ பேர் அடைப்புக்குறி போட மறந்தது இப்படித்தான். திருட நினைத்தவர்கள் இல்லை அவர்கள். குறிப்பு எடுக்கும் அந்த நொடியிலேயே ஓரத்தில் பெயரும் பக்க எண்ணும் எழுதுங்கள். உங்கள் யோசனைக்குப் பக்கத்தில் ‘நான்’ என்று எழுதுங்கள். வாக்கியத்தையே அப்படியே மொழிபெயர்த்திருந்தால் குறிப்பிலும் மேற்கோள் குறி போடுங்கள்.

டொங்காட் தம்பி | 2023 ஏப்ரல் 23, இரவு 8.05

வரிக்கு வரி மொழிபெயர்த்து மறுபடி ஆங்கிலமாக்கினால்? எலும்புக்கூடு மாறாதே?

நூலகத்தடி | 2023 ஏப்ரல் 23, இரவு 8.30

மாறாது. அக்காவின் முதல் வாக்கியமும் அந்த வகைதான். மொழி நடுவில் வந்ததால் எலும்பு மாறிவிடாது.

அவரைப்பந்தல் | 2023 ஏப்ரல் 25, இரவு 10.10

எனக்குத் தமிழ்க் குறிப்பு உதவியது என்றே சொல்வேன், ஐயா. வாக்கியம் வாக்கியமாக எடுக்காமல், பக்கத்தை மூடிவைத்து, நினைவில் நின்றதை மட்டும் எழுதியபோது உதவியது. ‘நான்’ என்று குறிப்பதை இன்று தொடங்கிவிட்டேன். ஒரு பக்கத்தில் எத்தனை ‘நான்’ இருக்கிறது என்று எண்ணினால் இரண்டுதான். அதுவும் ஒரு தகவல்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. ஒரு பத்தி முழுக்க ஒரே கட்டுரையைப் பற்றி என்றால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடைப்புக்குறி வேண்டுமா? போன தடவை எல்லா வரிக்கும் போட்டேன், படிக்க முள்வேலி மாதிரி இருந்தது.

நூலகத்தடி | 2023 ஏப்ரல் 26, காலை 7.20

பத்தியின் முதல் வாக்கியத்தில் பெயரைச் சொல்லிவிட்டு, பிறகு ‘அவர்கள் கண்டது’, ‘அதே ஆய்வில்’ என்று தொடர்ந்தால் நூல் அறுபடாது. உங்கள் கருத்து நடுவில் நுழைந்தபின் மறுபடி அவர்களிடம் போனால் அடைப்புக்குறியை மறுபடி போட வேண்டும். நான் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கேட்கும் விரிவுரையாளர்களையும் பார்த்திருக்கிறேன். நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பீனிக்ஸ் அம்மா | 2023 ஏப்ரல் 27, காலை 6.45

மகன் எல்லாவற்றையும் ஒற்றைக்கு மாற்றினான். இப்போது அவனுடைய வரலாற்று டீச்சர் இரட்டை கேட்கிறாராம். பாடத்துக்குப் பாடம் வேறு போலிருக்கிறது. இரண்டு நோட்டிலும் அட்டையிலேயே எழுதிவைக்கச் சொல்லிவிட்டேன்.

அவரைப்பந்தல் | 2023 மே 16, இரவு 9.25

திருத்திய கட்டுரை வந்துவிட்டது. 25க்கு 17. இரண்டாம் பத்தியில் குறிப்பு ஏதும் இல்லை. பட்டியலில் ஒரே ஒரு இடத்தில் வட்டம்: பாடத்திட்ட ஆவணத்தின் தலைப்பு சாய்வெழுத்தில் இல்லை. அந்தச் சுற்றைத்தான் அவசரத்தில் விட்டேன்.

கையை எடுப்பது பற்றிய வாக்கியத்துக்குப் பக்கத்தில் ‘இதற்கு மூலம்?’ என்று பென்சிலில் எழுதியிருக்கிறார். ஒரு மாதமாக நானும் அதையேதான் தேடுகிறேன். யாருக்காவது கிடைத்தால் பக்க எண்ணோடு சொல்லுங்கள்.